மாதம் ஒரு கணக்கு, ஆண்டுக்கு ஒரு வரவு!

ஆலைச் சங்கு ஊதி அரை மணி நேரம் ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் ஒரு மாலை. கோவையில், நூற்பாலை ஒன்றின் வாசலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் நாம் அமர்ந்திருந்தோம். பஞ்சுத் தூசி படிந்த தலைகளுடன் தோழர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். வழக்கமாக அங்கே பேச்சு அரசியலில் தொடங்கும், விலைவாசியில் முடியும். அன்று அப்படியில்லை. அன்று ஒரு தோழர் கொதித்துக் கொண்டிருந்தார். கையிலே கைபேசி, கைபேசியிலே அவருடைய வைப்பு நிதி பாஸ்புக், கண்ணிலே கனல்!

"பாருங்கண்ணா, பட்டப்பகல்ல கொள்ளை! ஆயிரத்து இருநூத்தி இருபத்தஞ்சு ரூபா என் வட்டியில காணோம். என் மாப்பிள்ளை கணக்குப் போட்டுக் குடுத்துட்டான். டெல்லிக்காரன் எடுத்துக்கிட்டான்!" என்றார்.

ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து ரூபாய்! அள்ளிக் கொடுப்போருக்கு அது அற்பத் தொகை. நூல் முறிந்தால் முடிச்சுப் போட்டு, இரவுப் பாளியில் கண் விழித்து, கூலி வாங்கும் தோழனுக்கு அது ஒரு மாதத்துப் பால் கணக்கு. ஆகவே நாம் அதை அலட்சியப்படுத்தவில்லை. "கொடுங்கள் அந்தக் கைபேசியை, கொண்டு வாருங்கள் ஒரு காகிதம், கணக்கைப் பார்த்துவிடுவோம்" என்றோம்.

பார்த்தோம். பார்த்தபின் தெரிந்தது இரண்டு உண்மை. ஒன்று, தோழர் குற்றம் சாட்டிய இடத்தில் கொள்ளை இல்லை. இரண்டு, அவர் குற்றம் சாட்டாத இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது! திருடன் வாசல் வழியே வந்தான் என்று வாசலைப் பார்த்துக் கத்திக் கொண்டிருந்தார் தோழர். அவனோ கொல்லைப்புறமாக வந்து போயிருந்தான். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு பணிமனையிலும் இதே ஐயம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

முதலில் தோழரின் நிலை என்ன என்று சொல்லிவிடுகிறோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,800 ரூபாய், அவர் கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 1,800 ரூபாய் கட்டுகிறார். அப்படியானால் மாதம் 3,600 ரூபாய் வைப்பு நிதியில் சேர்கிறது என்றுதானே எண்ணத் தோன்றும்? இல்லை! முதலாளி கட்டும் 1,800இல் 1,250 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போய்விடுகிறது. அது வேறு பெட்டி. அந்தப் பெட்டியில் போடும் பணத்துக்குத் தொழிலாளியின் பெயரில் வட்டி ஏறுவதில்லை. அதற்குப் பதில் பின்னாளில் ஓய்வூதியம். மீதி 550 ரூபாய்தான் வைப்பு நிதிக்கு வருகிறது. ஆக, அவருடைய 1,800, முதலாளியின் 550, சேர்ந்து 2,350 ரூபாய். இதுதான் மாதந்தோறும் வட்டி ஈட்டும் பணம். பாஸ்புக்கில் மூன்று பத்திகள் இருப்பதைக் காணலாம். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியம். மூன்றாம் பத்தியைக் கூட்டி வட்டி கணக்கிட்டால் அன்றைக்கே கணக்கு தவறிவிடும்.

2024 ஏப்ரல் முதல் நாள் தோழரின் கணக்கில் இருந்தது 3,00,000 ரூபாய். பல்லாண்டு வியர்வை அது! 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி விகிதம் நூற்றுக்கு 8.25. இவ்வளவுதான் நமக்குத் தேவையான எண்கள். இனி, மாப்பிள்ளை போட்ட கணக்கைப் பார்ப்போம்.

மாப்பிள்ளை படித்தவர். "வைப்பு நிதிக்கு வட்டி மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறுகிறது" என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஆகவே 8.25ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாத வட்டியைக் கண்டு, அந்த வட்டியை முதலோடு சேர்த்து, அடுத்த மாதம் அந்தக் கூட்டுத்தொகைக்கு வட்டி கண்டு, இப்படியே பன்னிரண்டு மாதமும் ஏணி ஏறியிருக்கிறார். உச்சியில் அவருக்குக் கிடைத்தது 26,799 ரூபாய். பாஸ்புக்கில் ஏறியிருந்ததோ 25,574 ரூபாய். வித்தியாசம் 1,225. "கொள்ளை!" என்று கூவியதற்குக் காரணம் இதுதான்.

மாப்பிள்ளையின் கூட்டல் பிழையில்லை, பெருக்கல் பிழையில்லை. பிழை அடித்தளத்தில்! வைப்பு நிதியில் வட்டி மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது என்பது உண்மை. மாதந்தோறும் முதலோடு சேர்க்கப்படுகிறது என்பது உண்மையல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது.

தோழர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்டினோம். ஆலையிலே அன்றாடம் வருகைப் பதிவேட்டில் உங்கள் வருகை குறிக்கப்படுகிறது. இன்று வேலை செய்தால் இன்றைய கூலி உங்களுக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் கூலி கைக்கு வருவது எப்போது? மாதம் முடிந்த பிறகு! முதல் தேதி உழைத்த கூலியை வைத்துக்கொண்டு இரண்டாம் தேதி அரிசி வாங்க முடியுமா? முடியாது. உழைப்பு அன்றாடம் எண்ணப்படுகிறது. கூலி மாதக் கடைசியில் தரப்படுகிறது. வைப்பு நிதி வட்டியும் அப்படியே. மாதந்தோறும் எண்ணப்படுகிறது, ஆண்டு முடிவில், மார்ச் 31ஆம் நாள் வரவாக, ஒரே தடவையில் ஏற்றப்படுகிறது. இடைப்பட்ட பதினோரு மாதங்களில் அந்த வட்டி எழுதி வைக்கப்பட்ட வருகை மட்டுமே. அது முதலாகிக் குட்டி போடுவதில்லை.

ஏன் நம் மக்கள் மாதக் கூட்டு வட்டி என்றதும் நம்பிவிடுகிறார்கள்? அவர்கள் அறிந்த வட்டி அது! வட்டிக்கடைக்காரன் இந்த மாதம் வட்டி வரவில்லையென்றால் அதை முதலோடு சேர்த்து அடுத்த மாதம் வட்டிக்கு வட்டி கேட்கிறான். அவனிடம் அழுதழுது கற்ற பாடத்தை, நமக்கு வர வேண்டிய பணத்திலும் எதிர்பார்க்கிறோம். எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் விதி வேறு.

விதி எங்கே இருக்கிறது? 1952ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வகுக்கப்பட்ட திட்டத்தின் 60ஆம் பத்தி வட்டியைப் பற்றிப் பேசுகிறது. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் பார்க்கும் கணக்கு அதற்கு முந்தியது. அதை ஆண்டது 60ஆம் பத்தி. அது சொல்வதைப் பேச்சுத் தமிழில் சொல்கிறோம். சென்ற ஆண்டின் கடைசி நாளில் கணக்கில் இருந்த தொகை, நடுவில் எடுக்காமல் இருந்தால், அதற்குப் பன்னிரண்டு மாத வட்டி முழுதும் உண்டு. ஆண்டின் நடுவில் வந்து சேரும் பணத்துக்கு, அது ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆண்டு முடிவு வரை வட்டி. நடுவில் எடுத்த பணத்துக்கு, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, எடுத்த மாதத்துக்கு முந்திய மாதத்தின் கடைசி நாள் வரை வட்டி. மொத்த வட்டி முழு ரூபாயாக்கப்படும்; ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாய். அவ்வளவே!

இப்போது தோழரின் கணக்கை விதிப்படி போடுவோம். 8.25ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு நூற்றுக்கு 0.6875. ஏப்ரலில் 3,00,000 ரூபாய்க்கு 2,062 ரூபாய் 50 காசு. அந்த ஏப்ரலில் ஏறியது மார்ச் மாதச் சம்பளத்தின் 2,350. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும் என்பதால், கணக்கு எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியே நடக்கும். ஏப்ரலில் ஏறிய பணம் வட்டி ஈட்டத் தொடங்குவது மே முதல் நாள். எனவே மே மாதத்தில் வட்டிக்குரிய இருப்பு 3,02,350. வட்டி 2,078 ரூபாய் 66 காசு.

இங்கே நிறுத்திப் பாருங்கள்! மாப்பிள்ளை என்ன செய்தார்? மே மாதத்தில் 3,02,350 ரூபாயோடு ஏப்ரல் வட்டி 2,062 ரூபாய் 50 காசையும் சேர்த்து, அதற்கும் வட்டி கண்டார். அதனால் மே மாதத்தில் 14 ரூபாய் கூடியது. ஜூனில் 29 ரூபாயாயிற்று. மாதம் ஏற ஏற அது வளர்ந்து, ஆண்டு முடிவில் 983 ரூபாயாகப் பெருத்துவிட்டது. இந்த 983 ரூபாய் டெல்லியில் இல்லை, திருச்சியில் இல்லை, யார் பையிலும் இல்லை. மாப்பிள்ளையின் காகிதத்தில் மட்டுமே பிறந்து, காகிதத்திலேயே வளர்ந்த பணம் அது!

விதிப்படி நடந்தால் மாதம் ஒவ்வொன்றிலும் இருப்பு 2,350 கூடும். அதனால் வட்டி மாதத்துக்கு 16 ரூபாய் 16 காசு கூடும். இதைப் பன்னிரண்டு தடவை எழுதிக் கூட்டலாம். குறுக்கு வழியும் உண்டு. பழைய இருப்பான மூன்று இலட்சத்துக்கு முழு ஆண்டு வட்டி 24,750. புதிதாக வந்த பன்னிரண்டு தவணைகளில், ஏப்ரலில் ஏறியதற்குப் பதினோரு மாத வட்டி, மேயில் ஏறியதற்குப் பத்து, இப்படியே இறங்கி, பிப்ரவரியில் ஏறியதற்கு ஒரே மாதம், மார்ச்சில் ஏறியதற்கு ஒன்றுமில்லை. பதினொன்று, பத்து, ஒன்பது என்று கூட்டினால் 66 மாதங்கள். 2,350 ரூபாய்க்கு 66 மாத வட்டி 1,066 ரூபாய். இரண்டும் சேர்ந்து 25,816 ரூபாய். ஒழுங்காகத் தவணை கட்டும் ஆலையில் வேலை செய்யும் எந்தத் தோழரும் இந்த 66 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பென்சில் ஒன்றும் காகிதம் ஒன்றும் கொண்டு தன் ஆண்டு வட்டியைத் தானே கண்டுபிடித்துவிடலாம். ஆண்டின் நடுவில் சம்பளம் உயர்ந்திருந்தால் மட்டும் தவணைகளைத் தனித்தனியே போட வேண்டும்.

தேநீர்க் கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அப்படின்னா இருபத்தஞ்சாயிரத்து எண்ணூத்திப் பதினாறு வரோணும்? ஏறியிருக்கறது இருபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி எழுபத்திநாலுதானுங்களே!" என்றார் ஒரு மூத்த தோழர். சரியான கேள்வி! 983 ரூபாய்க்கு விடை கிடைத்துவிட்டது. மீதி 242 ரூபாய் எங்கே போயிற்று?

அப்போதுதான் பாஸ்புக்கின் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னோம். அதில் ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு செய்திகள் உண்டு. இது எந்த மாதச் சம்பளத்துக்கான பணம் என்பது ஒன்று. எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது என்பது மற்றொன்று. நம்மில் பெரும்பாலோர் முதலாவதைப் பார்க்கிறோம், பன்னிரண்டு மாதமும் இருக்கிறது என்று மகிழ்கிறோம், மூடிவிடுகிறோம். இரண்டாவதைப் பார்ப்பதில்லை. தோழர் படித்தார். மார்ச் முதல் ஆகஸ்டு வரையிலான சம்பளப் பணம் ஒழுங்காக மறுமாதமே ஏறியிருந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய ஐந்து மாதச் சம்பளத்துக்கான பணம், பிப்ரவரிக்கானதோடு சேர்த்து, எல்லாமே 2025 மார்ச்சில் ஒரே தேதியில் ஏறியிருந்தது!

ஐந்து மாதம்! கூலியில் பிடித்தம் செய்தது மாதந்தோறும். கட்டியது மட்டும் மார்ச்சில். அக்டோபரில் ஏறியிருக்க வேண்டிய பணம் ஐந்து மாத வட்டியை இழந்தது. நவம்பரில் ஏறியிருக்க வேண்டியது நான்கு. அடுத்தவை மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் பதினைந்து மாதங்கள். 66இல் 15 போனால் 51. 2,350 ரூபாய்க்குப் பதினைந்து மாத வட்டி எவ்வளவு? 242 ரூபாய்! கணக்கு காசுக்குக் காசு பொருந்தியது. கடையிலே ஒரு கணம் அமைதி.

242 ரூபாய்தானே என்று எவரேனும் சொல்லக்கூடும். சொல்பவர் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கட்டும். ஒரு தொழிலாளிக்கு, ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து, மாதம் 3,600 ரூபாய் கட்டப்பட வேண்டும். நானூறு பேர் வேலை செய்யும் ஆலையென்றால் மாதம் 14,40,000 ரூபாய். ஐந்து மாதத்தில் 72,00,000 ரூபாய்! அதில் சரிபாதி தொழிலாளியின் கூலியிலிருந்து ஏற்கெனவே பிடித்த பணம். பஞ்சு வாங்க வங்கியில் கடன் கேட்டால் வட்டி கேட்பார்கள், ஈடு கேட்பார்கள். தொழிலாளி எதையும் கேட்கமாட்டான்; ஏனெனில் தான் கடன் கொடுத்திருப்பதே அவனுக்குத் தெரியாது!

சட்டம் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. 1952 சட்டத்தின் 7-கியூ பிரிவு, கெடு தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் முதலாளி வட்டி கட்ட வேண்டும் என்று விதித்தது. 14-பி பிரிவு அதற்கு மேலும் தண்டத் தொகை விதிக்க அதிகாரம் கொடுத்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படுகிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து ஆலை வாசலுக்கு வராது. தேதிகளைக் குறித்து, வரிகளைக் காட்டி, சங்கத்தின் வழியே மண்டல அலுவலகத்தில் புகார் எழுதினால்தான் அது நகரும். "வட்டி குறைகிறது" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன மாதச் சம்பளத்துக்கான பணம் இன்ன தேதியில்தான் ஏறியுள்ளது, கெடு இன்ன தேதி" என்று எழுதினால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தோழர் அன்றிரவே அந்த ஐந்து வரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு தோழர் கேட்டார். "ஏனுங்க, மார்ச்சோட வருசம் முடிஞ்சுருது. வட்டி ஏறினது ஆடி மாசத்துல. நாலு மாசம் அந்த வட்டிக்கு வட்டி போச்சுங்களா?" அருமையான ஐயம் இது, இதற்கு விடை தெரிய, விகிதம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும்.

வங்கியிலே பணம் போடும்போது, இவ்வளவு வட்டி தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வைப்பு நிதியில் அப்படியில்லை. நிதி ஓர் ஆண்டு முழுதும் கடன் பத்திரங்களிலும், 2015 முதல் ஓரளவு பங்குச் சந்தையிலும் இட்ட பணம் என்ன ஈட்டியது என்று பார்த்து, அதை உறுப்பினர்களின் இருப்புக்குப் பகிர்ந்தால் நூற்றுக்கு எவ்வளவு வரும் என்று காண்கிறார்கள். 2023-24ஆம் ஆண்டுக்கு, சுமார் 13 இலட்சம் கோடி ரூபாய் முதலுக்கு 1,07,000 கோடி ரூபாய் பகிர்வதென்று சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், அறிவித்த 8.25ஐ ஒட்டி வரும். மத்திய அறங்காவலர் வாரியம் இதைப் பரிந்துரைக்கிறது. அந்த வாரியத்தில் தொழிலாளர் தரப்பில் பத்துப் பேர், முதலாளிகள் தரப்பில் பத்துப் பேர், மற்றும் மத்திய, மாநில அரசுகளின் ஆட்கள். பரிந்துரை பிறகு நிதியமைச்சகத்துக்குப் போகிறது. அது ஒப்புதல் தந்தபின் அறிவிப்பு. 2024-25க்கு வாரியம் பரிந்துரைத்தது 2025 பிப்ரவரி 28. நிதியமைச்சகத்தின் ஒப்புதல் வந்தது மே மாதத்தில். அதன்பிறகே கோடிக்கணக்கான கணக்குகளில் வட்டி எழுதப்படுகிறது. தாமதத்தின் காரணம் இதுதான்.

ஆனால் எழுதுவது எப்போதாயினும், வரவு வைக்கப்படும் நாள் மார்ச் 31. ஆடியில் எழுதினாலும் பங்குனியில் வந்ததாகவே கணக்கு. எனவே ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்த வட்டியும் முதலோடு சேர்ந்து நிற்கிறது. நம் தோழருக்கு விதிப்படி வந்திருக்க வேண்டிய 25,816 ரூபாய் அப்படி முதலாகியிருந்தால், 8.25 வீதத்தில் அடுத்த ஆண்டு அது மட்டுமே 2,130 ரூபாய் ஈட்டும். ஆகவே கூட்டு வட்டி இல்லையென்று நாம் சொல்லவில்லை. கூட்டு வட்டி உண்டு, ஆனால் அது கூடும் நாள் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. இப்போது தெரிகிறதா, 242 ரூபாய் ஏன் வெறும் 242 அல்ல என்று? இந்த ஆண்டு ஏறாத அந்தத் தொகை, ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வோர் ஆண்டும் தன் வட்டியையும் இழந்துகொண்டே போகும்.

விகிதம் முன்கூட்டி உறுதி செய்யப்பட்டதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1990களில் நூற்றுக்குப் பன்னிரண்டு கிடைத்தது. 2005-06இல் எட்டரைக்கு இறங்கியது. 2021-22இல் 8.1, நாற்பதாண்டுகளுக்கு மேல் காணாத தாழ்வு அது. இந்தக் கால் சதவீதம், அரைக் கால் சதவீதம் எல்லாம் பேச்சுக்குரியவையா என்று கேட்போருக்கு 2016 விடை சொல்லும். 2015-16ஆம் ஆண்டுக்கு வாரியம் 8.8 என்று பரிந்துரைத்தது. நிதியமைச்சகம் 8.7 என்று வெட்டியது. நூற்றுக்குப் பத்துக் காசு! தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றிக் கண்டித்தன, கிளர்ந்தன. 2016 ஏப்ரல் கடைசியில் அரசு 8.8ஐயே ஏற்றுக்கொண்டது. நம் தோழரைப் போல மூன்று இலட்சம் வைத்திருப்பவருக்கு அந்தப் பத்துக் காசு ஆண்டுக்கு 300 ரூபாய். முன்னூறு ரூபாய்க்கு நாடு முழுதும் குரல் எழுந்தது, வென்றது. ஆனால் ஆலை வாசலில், ஆலைக் கணக்கில், 242 ரூபாய் ஓசையின்றி நழுவியபோது எவரும் குரல் எழுப்பவில்லை. டெல்லி வெட்டியது பத்திரிகையில் வந்தது. ஆலை வெட்டியது பாஸ்புக்கில் இருந்தது. அதைப் படிப்பார் இல்லை!

கலையும் நேரத்தில் ஓர் இளந்தோழர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தங்கையின் திருமணத்துக்கு ஒரு இலட்சம் எடுக்கலாம் என்றிருக்கிறார். எப்போது எடுத்தால் நட்டம் குறையும்? விதியைத் திரும்பச் சொன்னோம். அந்த 60ஆம் பத்தியின்படி எடுத்த மாதத்துக்கு வட்டி இல்லை. முந்திய மாதக் கடைசி வரைதான். 8.25 வீதத்தில் ஒரு இலட்சத்துக்கு மாத வட்டி 687 ரூபாய் 50 காசு. நவம்பர் 30ஆம் நாள் பணம் வழங்கப்பட்டால் அக்டோபர் வரை வட்டி. ஒரே ஒரு நாள் தள்ளி டிசம்பர் முதல் நாள் வழங்கப்பட்டால் நவம்பர் வரை வட்டி. ஒரு நாளில் 687 ரூபாய்! ஆனால் வழங்கும் நாளை நிர்ணயிப்பது அலுவலகம், நாம் அல்ல. விண்ணப்பத்தை மாதத்தின் நடுவில் கொடுத்துவிட்டு முதல் தேதியில் வரும் என்று நம்பிவிட முடியாது. திருமணத்துக்கு நாள் குறித்தபின் இந்த 687 ரூபாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றோம். அவர் சிரித்தார். 

நம் முதல் தோழர் எழுந்தார். கொதிப்பு அடங்கியிருந்தது, ஆனால் அமைதி அடையவில்லை. அடைய வேண்டியதும் இல்லை. "அப்போ டெல்லிக்காரனைத் திட்டினது தப்புங்களாண்ணா?" என்று கேட்டார்.

"விகிதத்தை வெட்டும்போது டெல்லியைத் திட்டலாம். தேதி தள்ளும்போது ஆலையைக் கேட்க வேண்டும். காகிதத்தில் மட்டும் பிறந்த 983 ரூபாய்க்காக மாப்பிள்ளையை மன்னித்துவிடலாம்" என்றோம்.

அவர் மறுநாள் தம் பாஸ்புக்கை மட்டும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போகவில்லை. அவரோடு அதே பாளியில் வேலை செய்யும் பதினேழு பேர் தத்தம் பாஸ்புக்கோடு போயினர். பதினேழிலும் அதே ஐந்து மாதம், அதே ஒரு தேதி! புகார் எழுதப்பட்டது, கையெழுத்துகள் இடப்பட்டன, மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.

தோழர்களே! வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏறும். அதற்காக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பாஸ்புக்கைத் திறக்காதீர்கள். பதினைந்தாம் தேதி கழிந்ததும் திறவுங்கள். சென்ற மாதச் சம்பளத்தின் வரி இருக்கிறதா, அது எந்தத் தேதியில் ஏறியது என்று பாருங்கள். கூலி பிடித்த கை கட்டியதா என்று பார்ப்பது கூலி கொடுத்தவனின் உரிமை!